பிறர் சமயத்தைப் பற்றி எழுதுவது: தெலுக் ஆயர் தர்காவை வைத்துச் சில கேள்விகள்

சிங்கப்பூரின் பழைய தெருக்களைப் பற்றித் தமிழில் சிறு குறிப்புகள் எழுதும் சிலருக்கு நான் அவ்வப்போது உதவுகிறேன். கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பள்ளிவாசலைப் பற்றி எழுதும், தேவாலயத்துக்குப் போகிறவர் தீமிதியைப் பற்றி எழுதுவார். எழுதி முடித்ததும் கேள்விகள் வரும். கடந்த சில ஆண்டுகளில் அதிகம் வந்தவை, நாகூர் இறைநேசர் ஷாகுல் ஹமீதின் நினைவாகத் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் எழுந்த நாகூர் தர்காவைப் பற்றி எழுதப் போனவர்களிடமிருந்து. அதனால் அந்த ஒரு கட்டடத்தையே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இந்து. தர்காவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாத நான் எழுதலாமா?

எழுதலாம். முஸ்லிம் ஒருவர் எழுதும் அதே கட்டுரையாக அது இருக்காது, அவ்வளவுதான்.

என் வீட்டுக் கதை ஒன்று. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதி பார்க்க நாங்கள் சிறு வயதிலிருந்து போவோம். ஒரு வருடம் கூட வந்த சீன நண்பர் ஒருவர், "இது திரௌபதிக்கான விழா என்கிறாய், கோயில் மாரியம்மனுடையது. எப்படி?" என்று கேட்டார். நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா பாட்டியைக் காட்டினார். பாட்டி, "அப்படித்தான்டா, எப்பவும்" என்றார். கோயிலுக்குள் திரௌபதிக்குத் தனிச் சன்னிதி இருப்பதை மூன்று பேருமே அறிவோம். வருடா வருடம் அதன் முன்னால் நின்றிருக்கிறோம். ஆனால் அது கேள்வியாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தீமிதிக்காக விரதம் இருக்கும் நாட்களில் வீட்டின் நடையே எப்படி மாறிவிடும், குழி அருகே வரும்போது வயிற்றில் என்ன செய்யும் என்பதெல்லாம் அந்த நண்பருக்கு எட்டாது. யாராவது சொன்னால்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்குப் பழகியது கண்ணில் படாது, வெளியே இருப்பவருக்குப் பழகாதது புரியாது. உங்கள் கட்டுரையில் எந்த வாக்கியம் எந்த இடத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருந்தால் போதும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைத்தான்.

பாடத்தில் எமிக், எடிக் என்று இரண்டு சொல் வருகிறது. படித்தும் மண்டையில் ஏறவில்லை.

தமிழ் எழுத்தை வைத்துப் பாருங்கள், சட்டென்று ஏறிவிடும். கடல், அகம், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் எழுதுவது ககர எழுத்துதான். ஆனால் வாயில் வருவது மூன்று வேறு ஒலிகள். தமிழரைக் கேட்டால் "எல்லாம் ககரம்தானே" என்பார். தமிழ் தெரியாத ஒலியியல் வல்லுநர் கேட்டால் மூன்றாகக் குறித்துக்கொள்வார். இருவரும் சொல்வது சரி. முதலாமவர் அந்த மொழிக்குள் எது எதிலிருந்து வேறு என்று சொல்கிறார். இரண்டாமவர் எல்லா மொழிக்கும் பொதுவான அளவுகோலை வைத்துச் சொல்கிறார்.

அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1954இல் இந்த வேறுபாட்டை மொழியிலிருந்து எடுத்து மனித நடத்தை முழுவதற்கும் பொருத்தினார். ஃபோனீமிக் என்பதன் வால் எமிக், ஃபோனெடிக் என்பதன் வால் எடிக். சமய ஆய்வாளர்கள் பிறகு அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். "இது ஜியாரத்" என்பது எமிக் விவரிப்பு. "இது புனிதர் நினைவிடத்துக்குச் செல்லும் யாத்திரை, பல சமயங்களிலும் காணப்படுவது" என்பது எடிக் விவரிப்பு. இரண்டும் கட்டுரையில் வரலாம். ஒன்றை மற்றொன்றாகக் காட்டும்போதுதான் கோளாறு.

அவர்களும் தமிழர், நானும் தமிழன். வீட்டில் பேசும் மொழி ஒன்று. நான் எப்படி வெளியாள் ஆவேன்?

பாதி உள்ளே, பாதி வெளியே. சொல்லப்போனால் சீனரோ ஆங்கிலேயரோ எழுதுவதைவிட நமக்குச் சிக்கல் இதில் கூடுதல். அவர்களுக்குச் சொல் தெரியாது, அதனால் கேட்பார்கள். நமக்குச் சொல் தெரிந்துவிடுகிறது, அதனால் கேட்க மாட்டோம்.

எடுத்துக்காட்டுக்கு வணங்குதல். பெற்றோரை வணங்கினேன், ஆசிரியரை வணங்கினேன் என்று நாம் தாராளமாக எழுதுவோம். தமிழ் முஸ்லிம் வழக்கில் வணக்கம் என்பது அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது. "முஸ்லிம்கள் நாகூராரை வணங்குகிறார்கள்" என்று எழுதினால் உங்களைப் பொறுத்தவரை அது சாதாரண வாக்கியம். வாசிக்கும் முஸ்லிமுக்கு, தன்னை அல்லாஹ்வுக்கு இன்னொருவரை இணைவைத்தவன் என்று சொன்னதாகப்படும். அவர் செய்தது ஜியாரத். நினைவிடத்துக்குப் போய், குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி, துஆ என்னும் வேண்டுதல் கேட்டு வருவது.

மரியாதை விகுதி இன்னொரு வேடிக்கை. "அல்லாஹ் அருளினார்" என்று பணிவாக எழுதிக்கொண்டு வருவார்கள். தமிழ் முஸ்லிம்கள் "அல்லாஹ் அருளினான்" என்றுதான் எழுதுவார்கள். நாம் சிவனை அவன் என்பதுபோல அங்கே ஒருமைதான் உரியது. நபிகளுக்கோ "நபிகள் நாயகம் சொன்னார்கள்" என்று பன்மை வரும். வெளியிலிருந்து எழுதும் நீங்கள் "சொன்னார்" என்று எழுதினால் அவமரியாதை இல்லை, ஆனால் கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். மசூதி என்பதற்குப் பதில் பள்ளிவாசல் என்று எழுதுங்கள். இங்கே தமிழ் முஸ்லிம்கள் புழங்கும் சொல் அது.

இதைச் சொல்லும்போது எங்கள் பாட்டியையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பக்கத்து மனுஷி. நாகூருக்கு நேர்ந்துகொண்டு போய் வந்தவர். நாகூரின் உயரமான மினாராவைக் கட்டியதே 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங்தான். அப்படியானால் பாட்டி தர்காவுக்கு உள்ளாளா, வெளியாளா? இஸ்லாத்துக்கு வெளியாள், நாகூருக்கு உள்ளாள் என்றுதான் சொல்ல முடியும். உள்ளும் புறமும் ஒரே கோட்டால் பிரிவதில்லை. நீங்கள் எழுதும் கட்டுரையில் எந்த வட்டத்துக்கு உள்ளே, எதற்கு வெளியே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியை மட்டும் எழுதியிருக்கிறேன். என்ன தவறு என்று சொல்ல முடியுமா?

எழுதியவர் அனுமதியோடு அந்தப் பத்தி இது:

"நாகூர் ஆண்டவரின் சமாதி அமைந்துள்ள இந்தப் பழமையான மசூதியில் முஸ்லிம்கள் இன்றும் அவரை வணங்கி நோய் தீர வேண்டிக்கொள்கிறார்கள். நம்முடைய குருபூஜையைப் போலவே இவர்களுக்குக் கந்தூரி. இத்தகைய நம்பிக்கைகளுக்கு இஸ்லாத்தில் இடமில்லை என்றாலும் பாமர மக்கள் விடுவதில்லை."

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் வெறும் தகவல் பிழைகள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் யாருடைய கபுரும், அதாவது அடக்கவிடமும், இல்லை. ஷாகுல் ஹமீது அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அடங்கியிருப்பது நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரில். இங்கே இருப்பது அவர் நினைவாக எழுப்பிய கட்டடம். பள்ளிவாசலும் அல்ல. அதே தெருவில் சற்றுத் தள்ளி இருக்கும் அல்-அப்ரார்தான் பள்ளிவாசல். "இன்றும்" என்பதும் தவறு. கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. ஊரில் பார்த்த தர்காவின் கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே "இன்றும்" போட்டுவிட்டார். இந்தப் பிழைகளுக்கு உள்ளாள், வெளியாள் என்ற பேச்சே வேண்டாம். ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அடுத்து, சொல். வணங்கி என்பதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சமாதி என்பது நமக்கு யோகிகள் ஞாபகத்தைக் கொண்டுவரும். அடக்கவிடம் என்றால் பொதுவாக இருக்கும். "நாகூர் ஆண்டவர்" என்ற பெயரில் கவனம் தேவை. பக்தியோடு அப்படி அழைப்பவர்கள் நிறைய. ஆண்டவர் என்ற சொல் இறைவனுக்கே உரியது என்று அதை விரும்பாத முஸ்லிம்களும் உண்டு. எனவே "நாகூர் ஆண்டவர் என்று பலரும் அழைக்கும் ஷாகுல் ஹமீது" என்று எழுதினால் அழைப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, குருபூஜை ஒப்பீடு. நம் வாசகருக்குப் புரிய வைக்கத்தான் எழுதினார், தெரிகிறது. ஆனால் "போலவே" என்ற சொல், இறைநேசரின் நினைவு விழாவான கந்தூரியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலையை மிச்சப்படுத்திவிடுகிறது. கொடியேற்றம், சந்தனக்கூடு ஊர்வலம், புகழ்ப்பாடலான மவுலிது ஓதுவது, சோறு ஆக்கிப் பகிர்வது என்று என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள். வாசகர் தாமே ஒப்பிட்டுக்கொள்வார்.

நான்காவதுதான் கனமானது. "இஸ்லாத்தில் இடமில்லை" என்று ஓர் இந்து மாணவர் தீர்ப்புச் சொல்கிறார். அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

பேசித் திருத்திய பிறகு வந்த பத்தி:

"தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்காவை 1828க்கும் 1830க்கும் இடையே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டினார்கள். நாகூரில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாகுல் ஹமீது அவர்களின் நினைவாக எழுந்தது இது. தர்காக்களுக்குச் செல்வோர், தாங்கள் கேட்பது அல்லாஹ்விடம்தான் என்றும் இறைநேசரின் பொருட்டால் கேட்பதாகவும் விளக்குகிறார்கள். இவ்வாறு கேட்பதை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. 1974இல் தேசிய நினைவுச்சின்னமான கட்டடம், 2011 முதல் மரபுடைமை நிலையமாக இருக்கிறது."

அழகான பத்தி என்று சொல்ல மாட்டேன். முதலில் எழுதியதில் ஒரு துள்ளல் இருந்தது, அது போய்விட்டது. ஆனால் இப்போது எந்த வாக்கியத்தைச் சுட்டி "இதை யார் சொன்னது?" என்று கேட்டாலும் பதில் இருக்கிறது. துள்ளலை அடுத்த பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் முஸ்லிம் தோழியே "தர்காவுக்குப் போவது உண்மையான இஸ்லாம் இல்லை" என்றாள். உள்ளாள் சொன்னதை எழுதக் கூடாதா?

எழுதலாம். அவர் சொன்னதாக எழுதுங்கள், நீங்கள் சொல்வதாக எழுதாதீர்கள்.

உள்ளிருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று வெளியாள் நினைத்துக்கொள்வதுதான் இதில் அதிகம் நடக்கும் விபத்து. இங்கே தமிழ் முஸ்லிம்களிலேயே கடையநல்லூர், தென்காசி, நாகூர் என்று பல ஊர்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் தாத்தா கந்தூரிக்கு நாகூர் போயிருப்பார், பேரன் ஏக இறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீத் சிந்தனையில் அதை ஷிர்க், அதாவது இணைவைத்தல் என்பான். தாத்தாவோ, இறைநேசரை வஸீலாவாக, அதாவது இடைவழியாக, வைத்து அல்லாஹ்விடம் கேட்பது மார்க்கத்தில் உள்ளதுதான் என்பார். இருவருமே வேத வசனமும் ஹதீஸும் காட்டுவார்கள். இது அவர்களுக்குள் நீண்ட காலமாக நடக்கும் வாதம்.

"உண்மையான இஸ்லாம்" என்ற தொடர் அந்த வாதத்துக்குள் வைக்கப்படும் ஒரு காய். உள்ளாள் அதை வைக்கலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. வெளியிலிருந்து வந்த நீங்கள் அதைக் கையில் எடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ ஒரு தரப்புக்கு ஆடுகிறீர்கள். சொற்களும் அப்படித்தான். மறுப்பவர்கள் "தர்கா வழிபாடு" என்பார்கள், போகிறவர்கள் "ஜியாரத்" என்பார்கள். முதல் சொல்லைத் தலைப்பில் போட்டால் பக்கம் சாய்ந்தாயிற்று.

முதலில் கிடைத்த உள்ளாளோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாவது ஆளையும் தேடுங்கள். அவர் முதலாமவரோடு ஒத்துப்போகாதவராக இருந்தால் இன்னும் நல்லது. கேட்கும்போது "இஸ்லாத்தில் இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள். பாவம், மனிதர் உடனே மார்க்க அறிஞரான ஆலிமாக மாறி, புத்தகத்தில் உள்ளதை ஒப்பிப்பார். "நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள், போய் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது வேறு கதை வரும். தாத்தாவின் கைபிடித்துப் போனது, கொடுத்த சர்க்கரையை மடித்து எடுத்து வந்தது என்றெல்லாம்.

கப்பல் ஓட்டையைக் கண்ணாடியால் அடைத்தார் என்கிறார்கள். நம்பாத நான் அதை எப்படி எழுதுவது?

ஷாகுல் ஹமீது அவர்கள் முடி திருத்திக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் மூழ்கும் கப்பல் ஒன்றை உணர்ந்து கையிலிருந்த கண்ணாடியை வீசினார், அது போய் ஓட்டையை அடைத்தது என்பது கதை. எழுதும்போது தமிழ் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். "கண்ணாடி போய் ஓட்டையை அடைத்ததாம்" என்று எழுதிப் பாருங்கள். அந்த "ஆம்" போதும், உதட்டோரச் சிரிப்பு தெரிந்துவிடும். "ஐதீகம்" என்று போட்டால் கோயில் வாடை. "கூறப்படுகிறது" என்றால் கூறுகிறவர் மறைந்துவிடுகிறார். வரிக்கு வரி "என்று அவர்கள் நம்புகிறார்கள்" என்று போட்டாலும் சிக்கல். சொந்த சமயத்துக் கதையை மட்டும் "முருகன் சூரனை வென்றார்" என்று நேராக எழுதிவிட்டு, அடுத்தவர் கதைக்கு மட்டும் "நம்புகிறார்கள்" போடுவது ஒருதலைப்பட்சம். உங்கள் பழைய கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள், நான் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

நான் செய்வது இது. ஒரே ஒருமுறை, தொடக்கத்தில், யாருடைய கதை என்று சொல்லிவிடுவேன். "நாகூருக்குச் செல்வோரிடையே வழங்கும் கதை இது" என்றால் போதும். பிறகு கதையைக் கதையாகவே நேராகச் சொல்லிவிடுவேன். நடந்ததா, நடக்கவில்லையா என்ற கேள்வியைத் தொடுவதில்லை. நினியன் ஸ்மார்ட் போன்ற சமய ஆய்வாளர்கள் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். கடவுள் உண்டா, அற்புதம் நடந்ததா என்பதை உண்டென்றும் இல்லையென்றும் சொல்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நம்பிக்கை மனிதர்களை என்ன செய்ய வைத்தது என்று பார்ப்பது. நீங்கள் உங்கள் ஐயத்தைக் கைவிட வேண்டியதில்லை. வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போனால் போதும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

ஒதுக்கி வைத்த பிறகு நல்ல கேள்விகள் கிடைக்கும். தெலுக் ஆயர் ஸ்திரீட் அந்தக் காலத்தில் கடற்கரை. கடலை மண்ணிட்டு நிரப்பியது பிறகுதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்தவர்கள், இறங்கிய கரையிலேயே, கப்பலைக் காத்தவராகச் சொல்லப்படும் இறைநேசருக்கு நினைவிடம் எழுப்பினார்கள். கதையையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது கட்டடம் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிகிறது. இது வெளியாள் தரக்கூடிய விளக்கம், நல்ல விளக்கம். "கடல் பயம்தான் இந்த நம்பிக்கைக்குக் காரணம், வேறொன்றுமில்லை" என்று ஒரு படி மேலே போகாதீர்கள். அந்த "வேறொன்றுமில்லை" உங்களிடம் ஆதாரம் இல்லாத பகுதி.

எழுதியதை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கியாக வேண்டுமா?

காட்டுங்கள். ஒப்புதல் வேறு விஷயம்.

இதில் அறிஞர்களே இரண்டு பக்கம். வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் 1959இல், ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லப்படும் எந்தக் கூற்றும் அந்தச் சமயத்தார் ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தால்தான் செல்லும் என்ற பொருளில் எழுதினார். புரூஸ் லிங்கன் 1996இல் கிட்டத்தட்ட நேர் எதிராக வாதிட்டார். ஆராயப்படுபவர்களே தங்களை எந்தச் சொற்களில் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், எழுதுபவர் வரலாற்று ஆய்வாளர் வேலையை விட்டுவிட்டார் என்றார்.

நான் இரண்டையும் வாக்கியத்தின் வகையைப் பார்த்துப் பயன்படுத்துகிறேன். "ஜியாரத்தின்போது நாங்கள் இதை நினைத்துச் செய்கிறோம்" என்பது அவர்கள் மனம். அதில் அவர்கள் "இல்லை, நாங்கள் அப்படி நினைப்பதில்லை" என்றால் பேச்சு முடிந்தது, திருத்திவிடுவேன். கட்டடம் எப்போது கட்டப்பட்டது, யார் பணம் கொடுத்தார் என்பதெல்லாம் ஆவணத்தின் பாடு. பக்தர் ஒருவர் "இது ஐந்நூறு வருடப் பழமை" என்றால், அன்போடு கேட்டுக்கொண்டு 1828 என்றுதான் எழுதுவேன். வேண்டுமானால், மக்கள் அதை இன்னும் பழமையானதாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தனியாகச் சொல்வேன். அதுவே ஒரு தகவல்தான்.

மூன்றாவது வகை என் கருத்து. எனக்குக் கட்டடத்தின் முகப்பு அழகாகப்பட்டது, ஒரு விளக்கப் பலகை சுமாராக இருந்தது என்றால் "எனக்கு" என்று எழுதிவிட்டு நான் பொறுப்பேற்றுக்கொள்வேன்.

கூட நின்று துஆவில் கை ஏந்தலாமா? இல்லை, ஓரமாக நின்று பார்க்க வேண்டுமா?

நடப்பைப் பார்க்க வேண்டுமானால் தெலுக் ஆயரைவிட பால்மர் ரோட்டுக்குப் போங்கள். அங்கே 1866இல் மறைந்த ஹபீப் நூஹ் அவர்களின் அடக்கவிடம் இருக்கிறது. மக்கள் வந்து ஓதிவிட்டுப் போவதைக் காணலாம். அடக்கமான உடை, பெண்களுக்குத் தலையில் முக்காடு, செருப்பு வெளியே. படம் எடுக்குமுன் கேளுங்கள். கண்மூடி ஓதிக்கொண்டிருப்பவரை எடுக்கவே வேண்டாம்.

கை ஏந்துவதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி. மரியாதைக்காகச் செய்வதாக நினைத்து, உங்களுக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை நடிப்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும். கொடுக்கும் இனிப்பை வலது கையால் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். என்ன செய்தீர்களோ அதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: பின்னால் அமர்ந்து பார்த்தேன், அல்லது கூட ஓதினேன். வாசகர் உங்கள் பார்வையின் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்வார்.

சிங்கப்பூரில் சமயம் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் சொல்வதுதானே பாதுகாப்பு? நல்லிணக்கத்தின் சின்னம் என்று முடித்துவிடலாமே?

இந்தத் தொடரை நூறு கட்டுரைகளில் வாசித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அதில் பொய் இல்லை, ஆனால் அது எதையும் சொல்லவும் இல்லை. தர்காவுக்குப் பக்கத்திலேயே ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில் இருக்கிறது. மாஜு என்ற கடல் தெய்வத்துக்கானது. 1839க்கும் 1842க்கும் இடையே கட்டியது. உடனே "பார்த்தீர்களா, எல்லா மதமும் ஒன்று" என்று பேனா ஓடும். நிறுத்துங்கள்.

இரண்டு சமூகமும் கடல் தாண்டி வந்து, அதே கரையில் நன்றி சொல்ல இடம் அமைத்தன. இந்த ஒப்பீடு வலுவானது. ஆனால் மாஜு வணங்கப்படும் தெய்வம். ஷாகுல் ஹமீது, அவரை நேசிக்கும் முஸ்லிம்களுக்கும் மனிதர்தான். "இருவரும் கடல் தெய்வங்கள்" என்று எழுதினால் நல்லெண்ணத்தோடு முஸ்லிம்களைப் புண்படுத்துகிறீர்கள். எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே நிற்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள்.

புகழ்ச்சி நியாயமா என்று தெரிய ஒரு வழி: பெயர்களை மாற்றிப் பாருங்கள். தைப்பூசத்தைப் பற்றி வெளிநாட்டார் எழுதும்போது, வேலையும் கன்னத்து அலகையும் மட்டும் வர்ணித்து "உடலை வருத்தும் வியப்பூட்டும் திருவிழா" என்று முடித்தால் நமக்கு எரிச்சல் வரும். விரதம் எங்கே, பால்குடம் எங்கே, நேர்த்திக்கடன் எங்கே என்று கேட்போம். நம் கட்டுரையில் பாங்கு ஓசையும் பச்சை நிறமும் மட்டும் இருக்கிறதா என்று அதே கண்ணால் பாருங்கள்.

சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

1990இல் இயற்றிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, 2019இல் திருத்தினார்கள். சமயக் குழுக்களிடையே பகையும் வெறுப்பும் தூண்டுவதைத் தடுப்பதற்கானது அது. தர்காவைப் பற்றி விசாரித்து எழுதும் மாணவரின் கட்டுரை அதன் இலக்கல்ல. ஆனால் 1950 டிசம்பர் கலவரத்தை மறக்க வேண்டாம். முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த மரியா ஹெர்டாக் என்ற சிறுமியைக் கிறிஸ்தவ மடத்தில் காட்டிய பத்திரிகைப் படங்கள், அவள் யாரிடம் வளர்வது என்ற வழக்கால் ஏற்கெனவே இருந்த கொந்தளிப்பை இன்னும் மூட்டின. 18 பேர் இறந்தார்கள். ஆகவே கட்டுரைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போதும் எழுத்துக்குக் காட்டும் அதே கவனத்தைக் காட்டுங்கள்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு "தப்பாக எழுதிவிட்டாயம்மா" என்றார். என்ன செய்வது?

முதலில் எந்த வாக்கியம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சொல்லாகத்தான் இருக்கும். எனக்கு வந்த தொலைபேசியும் அப்படித்தான். கந்தூரிச் சோற்றைப் பிரசாதம் என்று எழுதியிருந்தேன். பெரியவர் கோபப்படவில்லை. "தபர்ருக் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெறும் சோறு என்று எழுதுங்கள், அதுவும் சரிதான்" என்றார். மறுநாள் மாற்றிவிட்டு, கீழே எந்தச் சொல்லை எந்தத் தேதியில் மாற்றினேன் என்று ஒரு வரி போட்டேன். பிறகு அவரிடம் அவர் போன கந்தூரியைப் பற்றிக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்த கட்டுரைக்கான பாதி அதில் கிடைத்தது.